ஒரே பாட்டி, மூன்று வயது: எந்த அமைப்பில் முகம் நிற்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எழுபதாம் பிறந்தநாள் வந்தால், பிள்ளைகள் மூன்று படங்களோடு ஓவியரைத் தேடி வருகிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எடுத்த வகுப்புப் படம், கல்யாணப் படம், போன வாரம் கைப்பேசியில் எடுத்தது. மூன்றையும் ஒரே படத்தில் வரைய வேண்டும், ஆனால் அம்மா அம்மாவாகவே தெரிய வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியை ஏ3 தாளில் வரைவதாக வைத்துக்கொள்வோம்.

பலர் முதலில் கேட்பது, ஒரே முகத்தை நெட்டுக்குத்தாக மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒரு வயதைக் காட்டுவது. பார்க்கப் புதுமைதான். ஆனால் குழந்தைக்குக் கண்ணுக்குக் கீழே முகம் குட்டை. மூக்கும் தாடையும் பிறகுதான் நீளும். கண்களை ஒரே கோட்டில் வைத்தால் சிறுமியின் தாடை மேலேயே முடிந்துவிடும். கோடு சேரட்டும் என்று இழுத்தால் சிறுமி போய், குட்டிக் கிழவி வந்துவிடுவாள்.

அடுத்தது பால்மரக் காட்டில் மூன்று முழு உருவங்கள். குடும்பத்துக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆள் 25 செ.மீ. உயரம் என்றால் தலை மூன்றரை செ.மீ.கூட வராது, கருவிழி 2 மி.மீ.க்கும் குறைவு. அப்புறம் அடையாளத்தைச் சேலையும் பால்வாளியும்தான் சொல்லும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: ஒன்றின் தோளுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று தலைகள், ஒரே கோணம், ஒரே பக்கத்து வெளிச்சம். பெரியவர்களின் தலை 14 செ.மீ. வரை கொடுக்கலாம். சிறுமியின் தலை கொஞ்சம் சின்னதாகவே இருக்கட்டும், ஆனால் கருவிழியைச் சுருக்காதீர்கள். சின்ன வயதிலேயே அது கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடுகிறது. குழந்தைக் கண் பெரிதாகத் தெரிவது அதனால்தான். பாட்டிக்கும் அதே அளவுதான், இமை தொங்கி மேல்பகுதியை மறைக்கும். மூக்கு நுனி இறங்கும், உதடு மெலியும், காது நீளும். புருவத்தின் வளைவு, ஒரு பக்கம் ஏறிய வாய், காதுமடல் கன்னத்தோடு சேரும் விதம், இவற்றை மட்டும் மூன்றிலும் அப்படியே விடுங்கள். தோடு போட்டு ஓட்டை இழுபட்டிருந்தால் அது பாட்டிக்கு மட்டும்.

மச்சத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சில கைப்பேசிகளின் செல்ஃபி இடம் வலமாக மாறிப் பதிவாகும். கல்யாணப் படத்தில் இடக் கன்னத்தில் இருந்தது பாட்டிக்கு வலக் கன்னத்தில் தெரிந்தால், நேரில் பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

முடித்ததும் தலைமுடி, சேலை, நகை எல்லாவற்றையும் காகிதத்தால் மூடி, புருவம் முதல் வாய் வரை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். ‘இது யார், மகளா?’ என்று கேட்டால் பெரும்பாலும் கோளாறு வாயில்தான் இருக்கும். கல்யாண வயது முகத்தை அழகாக்கப் போய் அந்த ஏற்றத்தைச் சமன் செய்திருப்பீர்கள்.

பால்மரக் காடு வேண்டும் என்று அடம்பிடித்தால், தோள்களுக்குப் பின்னால் வெளிறிய பச்சையில் தீட்டிக் கொடுத்துவிடலாம்.