டெங்கு வார்டில் எதைப் பின்தொடர்வது: பிசிவியா, ஹெச்.பி.யா?

எங்கள் வார்டில் டெங்கு நோயாளிகளுக்கென்று தனி சார்ட் வைத்தபோது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்த எண்ணை எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இடம் ஒரு கட்டத்துக்குத்தான் இருந்தது. நான் பிசிவி என்கிற ஹீமட்டோக்ரிட்டைத்தான் எழுதச் சொன்னேன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

இரண்டும் என்ன என்பது தெரிந்ததுதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது ஹெச்.பி. அந்த ரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது பிசிவி. சிவப்பணுவின் அளவும் நிறமும் சரியாக இருப்பவர்களுக்கு ஹெச்.பி.யை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி வந்துவிடும். இரண்டுமே அடர்த்தியைத்தான் சொல்கின்றன. உடம்பில் மொத்தம் எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்பதை இரண்டுமே சொல்லாது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும், ஆனால் உப்பு கூடியிருக்காது. இங்கேயும் அதே கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண். ஏற்கெனவே கொஞ்சம் ரத்தசோகை உண்டு: ஹெச்.பி. 10.2, பிசிவி 31. உடம்பில் ரத்தம் சுமார் 3.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் சிவப்பணு ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவு, மீதி பிளாஸ்மா. காய்ச்சல் விடுகிற நேரத்தில் டெங்குவில் நுண்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் போகிறது. அறுநூறு மில்லி கசிந்தால் குழாய்க்குள் மிஞ்சுவது 2.6 லிட்டர். ஒரு சிவப்பணுகூடப் புதிதாக வரவில்லை. ஆனால் பிசிவி 38, ஹெச்.பி. 12.5.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கான அளவு என்று ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லைக்குள் இரண்டுமே வந்துவிட்டன. நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை. “ரத்தம் நல்லா ஏறியிருக்கே டாக்டர், கீரை சாப்பிட்டதுதான்” என்று கூட இருக்கும் அக்கா சந்தோஷப்படுவார். உண்மையில் அந்தப் பெண் ஷாக்கின் வாசலில் நிற்கிறார். 31 என்பது 38 ஆவது இருபது சதவீதத்துக்கு மேலான ஏற்றம். பிளாஸ்மா கசிகிறது என்பதற்கு டெங்கு வழிகாட்டிகள் வைத்திருக்கும் அளவுகோலே அந்த இருபது சதவீதம்தான். அதனால் சார்ட்டில் நமக்கு வேண்டியது நார்மல் எல்லை இல்லை, இந்த நோயாளியின் சொந்த அடிப்படை எண். காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த பிசிவி ஒன்று கையில் இருந்தால், அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இதுவரை சொன்னதில் ஹெச்.பி.யும் பிசிவியும் சமம்தானே என்று கேட்கலாம். ஆமாம், கசிவில் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் ஏறும். என்னை ஒரு பக்கம் சாய வைத்தது வேறு: திரும்பத் திரும்ப, ஒரே முறையில், வார்டு பக்கத்திலேயே பார்க்க முடிகிறதா என்பது. கேப்பிலரி குழாய், சின்ன சென்ட்ரிஃபியூஜ், அளவுத் தட்டு, இவ்வளவு போதும். குழாயின் ஒரு முனையை களிமண்ணால் அடைத்து, ஐந்து நிமிடம் சுற்றி எடுத்தால் எண் கையில். ராத்திரி இரண்டு மணிக்கு லேபிலிருந்து ரிப்போர்ட் வரக் காத்திருக்க வேண்டாம். கையடக்கக் கருவியில் ஹெச்.பி.யும் உடனே வருமே என்றால், வரும். அதை டெங்கு வார்டில் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சலைனை ஏற்றவும் குறைக்கவும் உள்ள படிகள் பிசிவியை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. நடுராத்திரியில் பணியில் இருக்கும் ஒருவரை மூன்றால் பெருக்கிப் பார்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம், ‘ஒரே முறையில்’ என்றதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றி எடுக்கும் பிசிவியில் சிவப்பணுக்களுக்கு இடையே கொஞ்சம் பிளாஸ்மா மாட்டிக்கொள்ளும், அதனால் மெஷின் காட்டுவதைவிட இரண்டு புள்ளி போலக் கூடுதலாக வரலாம். மெஷினோ பிசிவியை நேராக அளப்பதில்லை, சிவப்பணு எண்ணிக்கையையும் சராசரி அளவையும் பெருக்கிச் சொல்கிறது. காலையில் மெஷின் 32, மதியம் சுற்றி எடுத்தது 35 என்றால் பாதிக்கு மேல் வெறும் முறை வித்தியாசமாக இருக்கலாம். எதை முதலில் எடுத்தோமோ அதையே கடைசிவரை எடுக்க வேண்டும். படிக்கும்போது சிவப்புத் தூணின் உச்சியைப் படிக்க வேண்டும், அதற்கு மேலே மெல்லிசாக நிற்கும் வெள்ளைப் படலத்தைச் சேர்க்கக் கூடாது. கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி எடுத்த ரத்தம் அடர்ந்து காட்டும். விரலைப் பிழிந்து எடுத்தது நீர்த்துக் காட்டும். இடிடிஏ குழாயில் ரத்தம் குறைவாக விட்டால் சிவப்பணு சுருங்கி, சுற்றி எடுக்கும் பிசிவி குறையும். இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் ஹெச்.பி. அசையாமல் நிற்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அந்தக் குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இறங்குமுகத்துக்கு வருவோம். கசிவு பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் நின்றுவிடும். அப்புறம் வெளியே போன நீர் தானாகக் குழாய்க்குள் திரும்பும். நாம் ஏற்றிய சலைனை அப்போதும் நிறுத்தாமல் விட்டால், அதே பெண்ணின் ரத்தக் கொள்ளளவு 3.6 லிட்டர் வரை போகலாம். பிசிவி 27 அல்லது 28, ஹெச்.பி. 9. உறவினர்கள் ஒரு யூனிட் ரத்தத்துக்கு அலையத் தொடங்குவது இந்த இடத்தில்தான். சிவப்பணு மட்டும் அன்றைக்கு இருந்த அதே அளவில் அப்படியே இருக்கிறது.

ஆனால் ரத்தப்போக்கு இருந்தாலும் எண் இப்படித்தான் இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது, பிசிவியாலும் முடியாது, ஹெச்.பி.யாலும் முடியாது. நோயாளியைத்தான் பார்க்க வேண்டும். கை கால் சூடாக, நாடி நிதானமாக, சிறுநீர் தாராளமாகப் போய், பசி எடுக்கிறது என்றால் அது நீர்த்தது. சலைனை நிறுத்தி, மூச்சு வேகமாகிறதா, நுரையீரலின் அடியில் சத்தம் மாறுகிறதா என்று கவனித்தால் போதும். நாடி ஓடுகிறது, மேல் கீழ் ரத்த அழுத்தங்களுக்கு இடைவெளி இருபதுக்கு வந்துவிட்டது, பாதம் சில்லிடுகிறது, அந்த நிலையில் பிசிவி இறங்குகிறது என்றால், வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் போகிறது. மலம் கருக்கும்வரை காத்திருக்கக் கூடாது, அவருக்கு ரத்தம் வேண்டும்.

ஹெச்.பி.க்கு உரிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஏற்றுவதற்கான வரம்புகளும் ரத்தசோகையின் வரையறையும் ஹெச்.பி.யில்தான் இருக்கின்றன. மெஷின் அதை நேரடியாக அளக்கிறது. பிளாஸ்மாவில் கொழுப்பு மிதந்து கலங்கியிருந்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். கர்ப்பிணிகளின் கணக்கு தனி. அவர்களுக்கு பிளாஸ்மா ஏற்கெனவே பெருகி இரண்டு எண்ணும் இறங்கித்தான் இருக்கும். அங்கே எனக்கு அனுபவம் குறைவு, மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்.

அந்த ஐம்பது கிலோ பெண்ணின் 12.5-ஐயும் 9-ஐயும் வைத்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, நீர்க்கணக்கு சமநிலைக்கு வந்த பிறகு ஒரு ஹெச்.பி. பார்த்தால், அவருடைய ரத்தசோகை எந்த அளவில் இருக்கிறது என்பது தெரியும்.