பில் இரட்டிப்பாகாமல் ஜோஹோ புக்ஸில் ஏற்றுவது: இரண்டு நிதியாண்டு அனுபவம்

எங்கள் ஹார்டுவேர் கடையில் போடும் பில்கள் பில்லிங் ஆப்பிலிருந்து ஏபிஐ வழியாக ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளுக்குத் தானாகப் போய்விடும். ராத்திரி உட்கார்ந்து என்ட்ரி போடும் வேலை ஒழிந்ததில் எனக்கு முழுத் திருப்தி. ஆரம்பத்தில் படுத்தி எடுத்தது ஒன்றுதான்: ஒரே பில் இரண்டு தடவை ஏறியது.

அது நடக்கும் விதம் இப்படி. C1/25-26/4812 என்ற பில், சரக்கு 1,000 ரூபாய், ஜிஎஸ்டி 180. ஆப் அதை அனுப்பிவிட்டது, புக்ஸிலும் பதிவாகிவிட்டது. பதில் திரும்பி வருவதற்குள் நெட் போய்விட்டது. போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஆப் மறுபடி அனுப்புகிறது. இணைப்பை அமைத்துக் கொடுத்தவர் இன்வாய்ஸ் எண்ணைப் புக்ஸே போடும்படி விட்டு, எங்கள் பில் எண்ணை `reference_number`-இல் வைத்திருந்தார். அந்த இடத்தில் ஒரே எண் எத்தனை முறை வந்தாலும் தடுக்காது. அதனால் INV-000731, INV-000732 என்று இரண்டு இன்வாய்ஸ். கவனிக்காமல் ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருந்தால், நடக்காத விற்பனைக்கு 180 ரூபாய் வரி காட்டியிருப்போம்.

பில் எண்ணையே அடையாளமாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஜிஎஸ்டி விதிப்படி அந்த எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்து இருந்தால் போதும். முன்னொட்டில் வருஷம் போடாத கடைகளில் ஏப்ரல் 1 அன்று பழைய எண் மறுபடி வந்து நிற்கும். அதனால் பில்லிங் ஆப் ஒவ்வொரு பில்லுக்கும் உள்ளுக்குள் வைத்திருக்கும், ஒருபோதும் மாறாத ஐடியை எடுத்துக்கொண்டோம். அதற்காகப் புக்ஸில் ஒரு கஸ்டம் ஃபீல்டு உருவாக்கி, அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி அமைத்தோம். அப்புறம் அனுப்பும் முறையையும் மாற்றினோம்:

```
PUT /books/v3/invoices?organization_id=...
X-Unique-Identifier-Key: cf_pos_id
X-Unique-Identifier-Value: 90f3c1
X-Upsert: true
```

அந்த ஐடியில் இன்வாய்ஸ் இருந்தால் அதையே திருத்தும், இல்லாவிட்டால் புதிதாகப் போடும். நெட் எத்தனை முறை போய் வந்தாலும் புக்ஸில் ஒரு பில்தான். ஏறிய பில்லில் அளவைத் திருத்தினாலும் அதே இன்வாய்ஸ்தான் மாறுகிறது.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பிக் கொடுத்தால், பழைய பில்லைத் திருத்தி அனுப்பக் கூடாது. அந்த மாத ரிட்டர்ன் போயிருந்தால், போர்ட்டலில் ஒரு தொகையும் புக்ஸில் வேறு தொகையுமாக நிற்கும். அதற்குக் கிரெடிட் நோட்தான் சரி. அதைத் தனி ஐடியோடு அனுப்புகிறோம்.

இப்போதும் கடை மூடும்போது பில்லிங் ஆப்பின் அன்றைய பில் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் புக்ஸோடு ஒப்பிடுகிறோம். ஆனால் ஒரு பில் விட்டுப்போய், அதே தொகையில் இன்னொன்று இரண்டாக ஏறியிருந்தால் தொகையும் எண்ணிக்கையும் ஒத்துப்போகும், தவறு கண்ணில் படாது. அதையும் பிடிக்க ஐடி பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். மாசத்துக்கு ஒருமுறை, ஜிஎஸ்டிஆர்-1 போடும் முன், நாங்கள் அதைச் செய்கிறோம்.