மூடிப்போன கம்பனியின் சேவைக் கடிதத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம்?

2009க்குப் பிறகு வன்னியில் வீடும் வீதியும் பாடசாலைக் கட்டடமும் எழும்பிய காலத்தில், ஏராளமான கட்டட ஒப்பந்தக் கம்பனிகள் வந்து வேலை கொடுத்தன. வேலை முடிந்ததும் பல கம்பனிகள் போய்விட்டன, சில பதிவையே இழந்தன. அவற்றில் வேலை பழகிய மேசன், வெல்டர், வயரிங்காரர் இன்று தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ. சான்றிதழுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, “பழைய முதலாளியிடம் சேவைக் கடிதம் வாங்கி வாருங்கள்” என்ற ஒரு வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சேவைக் கடிதம் இரண்டு கேள்விகளுக்கு ஒரே தாளில் பதில் சொல்கிறது. இந்த ஆள் அங்கே எந்தக் காலத்தில் வேலை செய்தார்? என்ன வேலை செய்தார்? அதற்குப் பதிலாக நாம் தேடும் தாள்களில் அநேகமானவை இரண்டில் ஒன்றுக்குத்தான் பலமாகப் பதில் சொல்லும். ஆகவே இங்கே ஒவ்வொன்றையும் அந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்பைச் சேர்ந்த மேசன். கொழும்பில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பனியில் 2011 முதல் 2015 வரை வேலை. முதலில் கையாள், பிறகு மேசன். கம்பனி 2017இல் மூடப்பட்டது. கையில் சேவைக் கடிதம் இல்லை.

முதலில் ஊழியர் சேமலாப நிதியின் கணக்குக் கூற்று, அதாவது எல்லோரும் இ.பி.எப். என்று சொல்வது. காலத்தை நிறுவுவதற்கு இதைவிடப் பலமான தாள் கிடைப்பது அரிது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கும் இந்த நிதியை மத்திய வங்கி வைத்திருக்கிறது. முதலாளி மறைந்தாலும் பதிவு மறையாது. கூற்றில் முதலாளியின் இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் இருக்கும், எந்த ஆண்டில் எவ்வளவு வரவானது என்றும் தெரியும். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டையோடு போய் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இந்தக் கூற்றில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து சம்பளத்தின் 20 வீதம் கணக்கில் விழுகிறது. ஒரு ஆண்டு முழுவதற்கும் பங்களிப்பாக 48,000 ரூபாய் வரவாகியிருந்தால் மாதச் சம்பளம் 20,000. அடுத்த ஆண்டில் 67,200 என்றால் 28,000. நம் மேசனின் கூற்றில் இப்படி ஒரு ஏற்றம் இருந்தால், கையாளாக இருந்தவர் மேசனாக உயர்ந்தார் என்ற கூற்றுக்கு அது துணை நிற்கும். ஆனால் துணைதான், சாட்சி அல்ல. “மேசன்” என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது. இதுதான் இ.பி.எப்.பின் குறை. இன்னொரு குறை, முதலாளி பணம் கட்டாத மாதங்கள் அதில் வராது. நம் ஆளின் கூற்று 2012இல்தான் தொடங்குகிறது என்றால், 2011க்கு வேறு ஆதாரம் வேண்டும். சம்பளம் வங்கிக்குப் போயிருந்தால் அந்தக் காலத்துக் கணக்கு விவரம், இல்லாவிட்டால் நியமனக் கடிதமோ சம்பளத் துண்டோ.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது முன்னாள் மேற்பார்வையாளரின் கடிதம். அவர் இப்போது வவுனியாவில் வேறு கம்பனியில் இருக்கலாம், பரவாயில்லை. என்ன வேலை என்ற கேள்விக்கு அவரால்தான் உண்மையாகப் பதில் சொல்ல முடியும். கடிதத்தில் அவர் அங்கே வகித்த பதவி, எந்தக் காலத்தில் உங்களை மேற்பார்த்தார், எந்தச் சைட், நீங்கள் செய்த வேலைகள், அவரது அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் இருக்க வேண்டும். “நன்றாக வேலை செய்தார்” என்ற வரியால் பயன் இல்லை. “கல்லுக்கட்டு, பூச்சு, தள ஓடு பதித்தல் ஆகியவற்றைத் தனியாகச் செய்தார்” என்ற வரிதான் தேவை.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிப்போன கம்பனியின் பழைய கடிதத் தலைப்பும் முத்திரையும் யாரிடமாவது இருக்கும். அதில் இன்றைய திகதியிலோ பின்திகதியிட்டோ கடிதம் எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். கம்பனிப் பதிவாளரிடம் தேடினால் கம்பனி எப்போது பதிவிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். 2017இல் மூடிய கம்பனி 2022இல் கடிதம் எழுத முடியாது. அந்த ஒரு தாள் உண்மையான மற்றத் தாள்களையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். மேற்பார்வையாளர் வெறும் வெள்ளைத் தாளில், “முன்னாள்” என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திடுவதுதான் சரி. கம்பனி மூடியதற்கான பதிவாளர் விவரத்தையும் கூடவே இணைத்தால், ஏன் சேவைக் கடிதம் இல்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

கிராம அலுவலர் சான்றிதழை எல்லோரும் முதலில் தேடிப் போகிறார்கள். கொழும்புக் கம்பனியில் நீங்கள் செய்த வேலைக்கு அவர் சாட்சி இல்லை. உங்கள் வதிவிடத்தையும் நன்னடத்தையையும்தான் அவர் அறிவார். ஆனால் ஊருக்குள்ளேயே மேசன் வேலை செய்து பிழைத்தவருக்கு, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட அந்தச் சான்றிதழ் பெறுமதியானது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வன்னியில் பயனாளிகளே மேசனைப் பிடித்து வீடு கட்டினார்கள். அந்த வீட்டுக்காரர்களின் கடிதமும், கட்டும்போது எடுத்த படங்களும், கிராம அபிவிருத்திச் சங்கம் எடுத்த சிறு ஒப்பந்தங்களின் தாள்களும் இ.பி.எப். இல்லாதவருக்கு நல்ல ஆதாரம்.

சரி, கையில் இவை ஒன்றுமே திருப்தியாக இல்லை என்றால்? உள்நாட்டுச் சான்றிதழ்தான் இலக்கு என்றால், நான் முதலில் பரிந்துரைப்பது வேலையில் பழகியதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும், என்.வி.கியூ.வின் முன்கற்றல் அங்கீகார வழியைத்தான். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். இதில் நேர்முகமும் செய்முறையும் உண்டு. மதிப்பீட்டாளர் முன்னால் கல்லைக் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, பூசிக் காட்டவேண்டும். தாள்கள் உங்களைக் கதவுவரை கொண்டுபோகும், என்ன வேலை தெரியும் என்ற கேள்விக்குக் கைதான் பதில் சொல்லும். அதனால் அங்கே ஒரு பலவீனமான தாள் அவ்வளவு பெரிய இழப்பில்லை.

வெளிநாட்டுத் திறன் மதிப்பீடு அப்படியல்ல. அவுஸ்திரேலியாவுக்கான மதிப்பீடுகளில் தாள்களுக்கே முதல் எடை. சம்பளம் பெற்றதற்கான ஆதாரம் கேட்பார்கள். அங்கே இ.பி.எப். கூற்றும் வங்கி விவரமும்தான் முதுகெலும்பு, மேற்பார்வையாளர் கடிதம் அதற்குத் தோள். நம் புதுக்குடியிருப்பு மேசன் உள்நாட்டில் என்.வி.கியூ. எடுத்துவிட்டார் என்பதற்காக அந்த ஆதாரங்களைச் சேர்க்காமல் விட்டால் பிறகு சிரமப்படுவார்.

கடைசியாக சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அவர் உறுதிப்படுத்துவது நீங்கள் சத்தியம் செய்ததை, நீங்கள் மேசனாக இருந்ததை அல்ல. வேலை அனுபவத்துக்குத் தனி ஆதாரமாக அதை நான் வைக்கமாட்டேன், மற்ற ஆதாரங்களோடு இணைத்து, கடிதம் ஏன் இல்லை என்று விளக்கவே பயன்படுத்துவேன். அது உண்மையில் பெரிய வேலை செய்வது இன்னொரு இடத்தில். இ.பி.எப். பதிவில் பெயரும் முதலெழுத்தும் கொழும்பு எழுதுவினைஞர் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும், அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். பழைய அட்டை இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் வேறுபடும். இரண்டு பெயருக்கும் உரியவர் நானே என்று சத்தியக் கடதாசி முடித்து, பெயரைத் திருத்தவும் தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு விண்ணப்பத்தைக் கொடுங்கள்.