பெக்கேஜை ஏற்றச் சொல்கிறார்களா? முதலில் ரவுட்டரின் சிபியுவைப் பாருங்கள்

சிவனொளிபாதமலை சீசனை நம்பி ஹட்டனில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். சீசன் தொடங்கினால் இரவு ஏழு மணிக்கு மேல் வைஃபை இருந்தும் இல்லாத மாதிரிதான். முழு சிக்னல் காட்டும், வாட்ஸ்அப் படம் போகாது. விடியற்காலையில் எல்லாரும் மலைக்குக் கிளம்பிய பிறகு அதே லைன் பறக்கும்.

ரவுட்டரைப் பொருத்தித் தந்த கடைக்காரரைக் கூப்பிட்டோம். மூடியைக்கூடத் தொடாமல், "அண்ணன், லைன் காணாது. 100 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்குங்க, மேல்மாடிக்கு ரெண்டு எக்ஸ்டெண்டர் போடுவோம்" என்றார். இரண்டையும் செய்தோம். மாதக் கட்டணம் கூடியது, இரவு வேகம் கூடவில்லை.

அப்புறம் கொழும்பில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவுக்கு வந்தான். லேப்டாப்பை வயரால் நேரே ஃபைபர் பெட்டியில் குத்தினான். முழு வேகமும் வந்தது. அதே வயரை ரவுட்டரில் குத்தியதும் 30ஐத் தாண்டவில்லை. வயரிலேயே இந்த நிலை என்றால் எக்ஸ்டெண்டரால் என்ன பயன்? அடுத்து இணையத்தை விட்டுவிட்டு, எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று பார்க்க ரவுட்டரையே பிங் செய்தான்:

```
ping -t 192.168.88.1
```

பகலில் 1 மில்லிசெக்கன்டுக்குள் வந்த பதில், இரவில் 200, 300 என்று துள்ளியது. இடையிடையே பதிலே இல்லை. பக்கத்தில் இருக்கும் பெட்டியே பதில் சொல்லத் திணறினால் லைனைக் குறை சொல்ல முடியாது. ரவுட்டரின் செட்டிங் பக்கம் திறக்க நேரமெடுப்பதும், பெயரைத் தேடும் இடத்திலேயே தளங்கள் நின்றுவிடுவதும் இதே நோயின் அறிகுறிகள்தான்.

எங்களிடம் இருந்தது மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் மிகச் சிறிய வகை: 650 மெகாஹெர்ட்ஸ், ஒரே கோர், 32 எம்பி ராம். வீட்டு உபயோகத்துக்கு நல்ல சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அதைத் தெரிந்துகொண்டே கடைக்காரர் 200 பெக்கேஜை எடுக்க வைத்திருக்கிறார்! இரவில் ரவுட்டரின் டெர்மினலில் பார்த்தோம்:

```
/system resource print
/tool profile
```

சிபியு 100 சதவீதத்தில் நின்றது. அதைத் தின்றுகொண்டிருந்தவை ஃபயர்வோலும் கியூக்களும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடாக வரிசையாய் சிம்பிள் கியூ போட்டிருந்தார்கள். அதோடு சில தளங்களைத் தடுக்க, டேட்டாவின் உள்ளே எழுத்தைத் தேடிப் பார்க்கும் லேயர் 7 விதிகளும் இருந்தன. ஒவ்வொரு புது இணைப்பின் முதல் 10 பெக்கெட்டையோ 2 கேபியையோ லேயர் 7 சேர்த்துவைத்துத் தேடும். அதனால் சுமை வேகத்தால் மட்டுமல்ல, இணைப்புகளின் எண்ணிக்கையாலும் ஏறும். ஒரு போன் சும்மா கிடந்தாலே பத்துப் பதினைந்து இணைப்பு திறக்கும், இரவில் வீடு நிறைய ஆட்கள் இருந்தால் சொல்லவா வேண்டும்! இத்தனைக்கும் இப்போது தளங்கள் மறைகுறியாக்கத்தில் ஓடுவதால் அந்தத் தடுப்பு பெரும்பாலும் வேலையும் செய்யவில்லை.

மருமகன் லேயர் 7 விதிகளை அழித்தான். கியூ வரிசையை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் சமமாகப் பங்கிடும் ஒரே ஒரு பிசிகியூ வைத்தான். பிங் கொஞ்சம் அடங்கியது. ஏற்கெனவே திறந்த இணைப்புகளைக் குறுக்கு வழியில் அனுப்பும் ஃபாஸ்ட்ட்ராக்கைப் போட்டால் சிபியு இன்னும் நன்றாக இறங்கும், ஆனால் அந்த வழியில் போகும் டேட்டா கியூவைத் தாண்டிவிடும். அப்படி விட்டால் ஒரே ஆள் முழு லைனையும் பிடித்துக்கொள்வார். கெஸ்ட் ஹவுஸுக்கு அது சரிவராது. வீட்டுக்கென்றால் ஃபாஸ்ட்ட்ராக்கோடு நிறுத்தியிருக்கலாம், புதுப் பெட்டி தேவைப்பட்டிருக்காது.

எங்களுக்குத் தேவைப்பட்டது. வேண்டாததை எல்லாம் கழற்றிய பிறகும் ஆட்கள் நிறைந்த இரவுகளில் சிபியு 90க்குக் கீழே வரவில்லை, வேகப் பங்கீட்டை விடவும் முடியாது. மாற்ற வேண்டிய கட்டம் அதுதான். புதிதாக வாங்கும்போது பெட்டியில் உள்ள 'கிகாபிட்' என்ற எழுத்தை நம்பாதீர்கள், அது போர்ட்டின் வேகம். மைக்ரோடிக் ஒவ்வொரு மொடலுக்கும் சோதனை அட்டவணை தருகிறது. அதில் 25 சிம்பிள் கியூ, 25 ஃபில்டர் விதி என்று தனி வரிகள் உண்டு. 512 பைட் பெக்கெட்டுக்கு அங்கே உள்ள எண் உங்கள் லைனைவிடத் தாராளமாகக் கூட இருக்கட்டும். முதல் வரியில் உள்ள பெரிய எண் விதி எதுவும் இல்லாதபோது வருவது, விற்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

நாலு கோர் பெட்டியில் ஒன்றைக் கவனியுங்கள். மொத்தச் சுமை 25 சதவீதம் என்று காட்டும்போதே ஒரு கோர் முட்டி நிற்கலாம். `/system resource cpu print` போட்டால் கோர் கோராகத் தெரியும்.

நாங்கள் நாலு கோர் ரவுட்டர் ஒன்றை வேறு கடையில் வாங்கி, பெக்கேஜைப் பழையபடி 100க்கு இறக்கிவிட்டோம். இரவில் ஆட்கள் வீடியோ கோல் பேசுகிறார்கள். எக்ஸ்டெண்டர் இரண்டையும் திருப்பி எடுக்கச் சொன்னால், "பாவிச்ச சாமானை எடுக்க ஏலாது" என்கிறார் பழைய கடைக்காரர். பில் கேட்டதற்கு இன்னும் பதிலில்லை.