ஆல்பா வெற்றிட அறை: காரைக்குடி ஆய்வகத்தில் சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் கவனித்துவரும் கருவி இது. ஒரு பக்கம் ஆல்பாத் துகளை உமிழும் அமெரிசியம்-241, 6 செ.மீ. தள்ளி ஒரு சிலிக்கான் உணர்கருவி, நடுவில் நாம் கூட்டிக் குறைக்கும் காற்று.

முன்பு கைகர் எண்ணியை ஸ்டாண்டில் நகர்த்தித்தான் ஆல்பாவின் வீச்சை, அதாவது அது காற்றில் போகும் தூரத்தை, அளந்தோம். அதில் எண்ணிக்கை வரைபடத்தின் முனை மொட்டையாக வரும், மாணவர்கள் அதைப் புள்ளியியல் சிதறல் என்று எழுதிக் கொடுப்பார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வடிவியல். 3 செ.மீ. தூரத்தில், 1.4 செ.மீ. ஆரமுள்ள சன்னலின் ஓரத்துக்குப் போகும் துகள் சுமார் 10 சதவீதம் அதிகம் நடக்கிறது. உண்மையான சிதறலோ 1 சதவீதம் அளவுதான். இந்த அறையில் உணர்கருவி 6 செ.மீ. தள்ளி இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ஒரே ஆற்றலோடு கிளம்பினாலும் ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை? 5.486 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்பா, ஒரு எலக்ட்ரானிடம் ஒரே மோதலில் அதிகபட்சம் 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான் இழக்க முடியும். பெரும்பாலான மோதல்களில் இழப்பு அதைவிட மிகக் குறைவு. ஆகவே பயணம் முழுக்கச் சில்லறைச் செலவு. சந்தைக்கு ஒரே தொகையோடு போன நூறு பேரின் பை ஒரே கடை வாசலில் காலியாவதில்லையே, அதுபோல. மோதல்கள் ஏராளம் என்பதால் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சமனாகி, மிச்சம் அந்த 1 சதவீதம்.

அறை வெப்பம் 32 டிகிரியாக இருந்தால் 550 மி.மீ. பாதரசம் அருகே எண்ணிக்கை சரிகிறது. பாதியாகும் இடமே சராசரி வீச்சு. 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க 15 முதல் 20 மி.மீ. ஆகவேண்டும். எங்களுக்கு அதைவிட அகலமாகத்தான் வருகிறது. மூலத்தின் மேல்பூச்சில் சாய்வாக வெளிவரும் துகள் கூடுதல் ஆற்றலை இழப்பதும் அதில் சேர்கிறது.

இன்னொரு தொல்லை நம்மூர் வெயில். அழுத்தமானியைப் பார்த்தே வால்வைத் திருகுகிறோம். காலை 26 டிகிரியிலிருந்து மதியம் 38க்குப் போனால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறையும். சரிவு 20 மி.மீ.க்கு மேல் நகரும். அதாவது, தேடும் அகலத்தைவிட அதிகம்! இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலையையும் குறித்து, அடர்த்தியாக மாற்றித்தான் வரைபடம்.

அணுக்கருக்கள் தள்ளிவிடும் பலமுறைச் சிதறல் ஆல்பாவுக்குக் கடைசி மில்லிமீட்டர்களில்தான் தெரியும். ஆற்றல் குறையக் குறையக் கோணம் பெருகும். பீட்டாவுக்கு அது தொடக்கத்திலேயே வந்துவிடும். பீட்டாவை உமிழும் ஸ்ட்ரான்சியம்-90 முன் அலுமினியத் தகடுகளை அடுக்கினால் தட்டையான பகுதியே கிடைப்பதில்லை, முதல் தகட்டிலிருந்தே சரிவுதான். அதற்கு இந்த அறை உதவாது. பழைய ஸ்டாண்டே போதும்.