தோய்த்தால் போகாத சாயம், சாய்ந்தால் போகிறது

எங்கள் வீட்டு விறாந்தையில் கிடக்கும் புளொக் பிரிண்ட் குசன் கவர்களின் விலை இறங்கியிருக்கிறதாம். வாங்கலாமோ என்று மச்சாள் கேட்டிருந்தாள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி விற்பனைப் பக்கத்தில் இருந்த விபரம் இவ்வளவுதான்: முழுப் பருத்தி, 16 அங்குலச் சதுரம், உள்ளே வைக்கும் குசனும் சேர்த்தி, நிறம் போகாது. நாலு கவர். இரண்டு வெளிர் மஞ்சள் துணியில் மெரூன் பூ. மற்ற இரண்டிலும் துணி முழுவதும் கடும் நீலம், இடையிடையே வெள்ளை இலை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அச்சு மிக வடிவு. மெரூன் பூவை விரலால் பின்தொடர்ந்தால் அச்சுக் கட்டையைத் தூக்கி வைத்த இடம் தெரியும்: ஓரிடத்தில் இரண்டு பதிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நூல் கனத்தில் ஒரு கோடு கருத்திருக்கும். கட்டையின் மூலையில் அடுத்த பதிப்புக்கு அடையாளமாக இருக்கும் சின்னப் புள்ளியும் பூவின் காம்போடு ஒளிந்து நிற்கிறது. இயந்திரத்தில் அடித்த துணியில் இந்தத் தடுமாற்றம் வராது. நான் காசு கொடுத்தது இதற்குத்தான், இன்றைக்கும் பார்க்கச் சலிக்கவில்லை.

ஆனால் அந்த நீலம்!

தோய்க்கும்போது ஒரு குறையும் இல்லை. மெரூன் கவரை முதன்முதலாக வாளியில் போட்டபோது தண்ணி இளஞ்சிவப்பானது, அப்புறம் தெளிந்துவிட்டது. நீலக் கவரோ முதல் தோய்ப்பிலேயே தண்ணியைக் கலக்கவில்லை. ‘நிறம் போகாது’ என்றது உண்மைதான் என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு ஐயாவின் வெள்ளைச் சேட்டின் முதுகில் மங்கலான நீலத் திட்டு வந்தது. பின்னேரம் செற்றியில் சாய்ந்திருந்து பேப்பர் வாசிக்கிறவர் அவர். யாழ்ப்பாண வெயிலில் முதுகு வேர்க்காமல் இருக்குமா?

சாயம் தண்ணியில் கரைந்து போவது ஒன்று, உரசலில் கழன்று போவது வேறொன்று. துணிச் சோதனைக்கூடங்களிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். உரசலுக்கு வெள்ளைப் பருத்தித் துண்டால் காய்ந்தபடி பத்துமுறையும் நனைத்துப் பத்துமுறையும் தேய்த்து, துண்டில் ஏறிய கறைக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. வீட்டில் ஒரு வெள்ளை லேஞ்சியை விரலில் சுற்றி நானும் அப்படியே தேய்த்துப் பார்த்தேன். மெரூனில் காய்ந்த லேஞ்சியும் ஈர லேஞ்சியும் வெள்ளையாகவே இருந்தன. நீலத்தில் காய்ந்த லேஞ்சியில் மெல்லிய சாம்பல் நீலம், ஈர லேஞ்சியில் பார்த்தவுடன் தெரிகிற நீலம்.

காரணம் கவரை உள்ப்பக்கம் திருப்பினால் புரியும். மெரூன் பூ பின்பக்கமும் ஊறித் தெரிகிறது, தடவினால் துணி மிருதுவாகவே இருக்கிறது. அது நூலுக்குள் இறங்கி நாருடன் பிணைந்த சாயம். பிணையாமல் மிஞ்சியது முதல் தோய்ப்புகளில் வெளியேறும், அதனால்தான் அந்த இளஞ்சிவப்புத் தண்ணி. நீலத்தின் பின்பக்கமோ கிட்டத்தட்ட வெள்ளை. முன்பக்கத்தைத் தடவினால் மெல்லிய விறைப்பு. இது நிறத்தூளைப் பசை போன்ற ஒன்றில் குழைத்து மேலே ஒட்டியது. அந்தத் தூள் தண்ணியில் கரையாது, ஆகவே வாளி தெளிவாகவே இருக்கும். ஆனால் பசை சரியாக இறுகுவதற்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு போதாவிட்டால் மேலேயிருக்கும் தூள் உரசலில் கழரும். துணி முழுக்கப் பரவிய கடும் நிறத்தில் தூளும் கூட, கழருவதும் கூட.

மேல்வீட்டு அன்ரி உப்புத் தண்ணியில் ஊறவைக்கச் சொன்னார். சாயத்தொட்டியில் உப்பு உதவும். சாயம் நூலை நோக்கி நகர அது தேவை. அச்சடித்து முடிந்து காய்ந்த துணியில் அதற்கு வேலை இல்லை. உதவியது அயன்தான். உள்ளே இருக்கும் குசனைக் கழற்றி, கவரை உள்ப்பக்கம் திருப்பி, மெல்லிய துணி ஒன்றை மேலே விரித்து, நீராவி இல்லாமல் பருத்திக்குரிய சூட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடம் கொடுத்தேன். சிப் பிளாஸ்டிக், அந்தப் பக்கம் அயன் போகக்கூடாது. அதன்பிறகு காய்ந்த லேஞ்சியில் கறை அநேகமாக இல்லை. ஈர லேஞ்சியில் இன்னும் வருகிறது. வேர்த்த முதுகு ஈர லேஞ்சிக்குச் சமம் என்பதால், எனக்கு வேண்டிய இடத்தில் பிரச்சினை தீரவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விற்றவருக்கு அநியாயம். மெரூன் கவர் கொஞ்ச நாளில் சாம்பல் பூத்தது போல மங்கியது. அது சாயத்தின் குற்றம் அல்ல. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் இறங்கியவை, தண்ணி கடினம். சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துத் தோய்த்தால் அந்தத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து வெள்ளைப் படிவாக நூலில் தங்கிவிடும். கடைசி அலசலில் அரைவாளித் தண்ணிக்கு அரைக்கோப்பை வினாகிரி விட்டு ஊறவைத்தேன், பூ பழையபடி எழும்பி வந்தது. வினாகிரியில் திரும்பி வருகிற நிறம் போன நிறம் அல்ல, மூடிக்கிடந்த நிறம். இப்போது கட்டிக்குப் பதில் சலவைத் தூள்தான், நிழலில் உள்ப்பக்கம் திருப்பிக் காயப்போடுகிறேன், மங்கல் இல்லை.

உள்ளே வந்த குசன்? கவரும் 16, குசனும் 16 என்றால் தளர்ந்து மூலைகள் தொய்ந்துதான் கிடக்கும். கவரைவிட ஓரிரு அங்குலம் பெரிதாகக் குசன் இருந்தால்தான் கொழுகொழுவென்று நிற்கும். முதலில் அப்படித்தான் சோர்ந்து கிடந்தன. தோய்த்ததும் பருத்தி சுருங்கி, கவர் கிட்டத்தட்ட பதினைந்தரையாகிவிட்டது, குசன் தானாக நிமிர்ந்துகொண்டது. எதிர்பாராத சந்தோசம். தைத்த நூல் மட்டும் பொலியெஸ்டர், அது சுருங்காது, அதனால் ஓரத் தையல் இலேசாகச் சுருக்கு விழுந்திருக்கிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு வாங்காதீர்கள் என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனாலும் நாலு கவர் செற்றாக வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், எந்த விலைக்கும். நிறம் போகாது என்று விளம்பரத்தில் எழுதுகிறவர் எந்தச் சோதனையில் போகாது என்று எழுத வேண்டும். தோய்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது அரைவாசி உண்மை. மெரூனைத் தனியாகத் தருவார்களானால் நானே இன்னொரு சோடி வாங்குவேன். நீலத்தை விற்றுத்தான் தீர்வோம் என்றால், ஈரத் துணியால் தேய்த்த கவரின் படம் ஒன்றை முதலில் அனுப்பட்டும்.