வாஷிங் மெஷினுக்கு சோலார் வெந்நீர் லைன்: பணம் கொடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை

கோவையில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலார் வாட்டர் ஹீட்டர், கீழ்த்தளத்தில் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின். சோலார் மாட்ட வந்தவர்கள் வேலை முடிக்கும் நேரத்தில் ஒரு யோசனை சொன்னார்கள்: "மெஷினுக்கும் ஒரு ஹாட் லைன் இழுத்துடலாம் சார், துணிக்குச் சூடு பண்ற கரண்ட் மிச்சம்." அதற்கு 6,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் ஷவரில் வெந்நீர் வரவில்லை, கிச்சன் குழாயில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வந்தது, யாரும் குழாயைத் திறக்காதபோதே பிரஷர் பம்ப் ஓடியது. கூப்பிட்டால், "மெஷின் பிரச்சினை, கம்பெனிக்கு போன் பண்ணுங்க" என்று பதில்.

பிரச்சினை மெஷினில் இல்லை. விற்ற யோசனையில் ஒன்று, செய்த வேலையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருந்தது.

முதலில் யோசனை. அந்த மெஷினின் பின்பக்கம் தண்ணீர் நுழைய ஒரே ஒரு வாய்தான் உண்டு. இங்கே விற்கும் ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பச்சைத் தண்ணீரை எடுத்து, தொட்டிக்கு அடியில் உள்ள ஹீட்டரால் தானே சூடாக்கிக்கொள்ளும். ஃப்ரண்ட் லோடு ஒரு முறை துவைக்க மொத்தம் ஏறக்குறைய 50 லிட்டர் எடுக்கும். அதில் சோப்போடு துவைக்கும் கட்டத்துக்கு 12, 13 லிட்டர்தான் போகும். மீதி எல்லாம் அலசுவதற்கு. சூடு தேவைப்படுவது அந்த 13 லிட்டருக்கு மட்டும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-அவர் வேண்டும். ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் 28 டிகிரி, துவைக்க வேண்டியது 40 டிகிரி என்றால் 13 லிட்டருக்கு சுமார் 180 வாட்-அவர். துணியும் டிரம்மும் கொஞ்சம் சூடு குடிக்கும், அதையும் சேர்த்தால் கால் யூனிட்டுக்குள் அடங்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு துவைப்புக்கு இரண்டு ரூபாய் கூட இல்லை. வாரம் நான்கு முறை துவைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 400 ரூபாய்தான். அதையும் முழுசாக மிச்சம் பிடிக்க முடியாது. மொட்டை மாடியிலிருந்து கீழே வரும் குழாய் 20 மீட்டர், முக்கால் இஞ்ச் சிபிவிசி. அதற்குள் நிற்கும் தண்ணீரே 5 லிட்டர். மெஷின் திறந்ததும் முதலில் உள்ளே போவது குழாயில் ஆறிக் கிடக்கும் அந்த 5 லிட்டர்தான். அதற்குப் பின் வருவது வெந்நீர். மெஷின் நிறுத்தியதும் இன்னொரு 5 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறிப்போகும்.

ஒரே வாய் உள்ள மெஷினுக்கு வெந்நீரை மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம். அலசும் தண்ணீரும் வெந்நீராகவே போகும், மெஷினுக்கு வேறு வழி இல்லை. 50 லிட்டரும் சோலார் டேங்கிலிருந்து போனால், நான்கு பேர் குளிக்க வேண்டிய 200 லிட்டரில் கால் பங்கு காலி. பிறகு டேங்குக்குள் உள்ள 2 கிலோவாட் பேக்கப் ஹீட்டர் ஆட்டோவில் இருந்தால் அது ஓடத் தொடங்கும்.

கீசரில் கொடுப்பதைக் கேட்கவே வேண்டாம். 50 லிட்டரை 28-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். மெஷின் தானே செய்தால் கால் யூனிட். அதாவது கரண்ட் மிச்சம் என்று சொல்லிக் கீசரில் இணைத்தால் ஆறு, ஏழு மடங்கு கூடுதலாகச் செலவாகும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசராக இருந்தால் அதில் இன்னொரு வேடிக்கை. மெஷின் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் இழுத்தால் 3 கிலோவாட் கீசரால் ஏழு டிகிரிதான் ஏற்ற முடியும். கீசருக்குள் சேர்ந்திருந்த முதல் மூன்று லிட்டர் கொதிக்கக் கொதிக்க வரும், மீதி வெதுவெதுப்பாக வரும்.

துணிக்கும் ஒரு கேடு உண்டு. ரத்தம், பால், முட்டை போன்ற கறைகள் முதல் தண்ணீரே 60 டிகிரியில் பட்டால் நூலில் வெந்து ஒட்டிக்கொள்ளும். மெஷின் பச்சைத் தண்ணீரில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றும்போது சோப்புத்தூளில் உள்ள என்சைம்கள் அந்தக் கறையை முதலில் கரைத்துவிடும். வெந்நீரை நேராக ஊற்றினால் அந்த வாய்ப்பே போய்விடும். 'கோல்டு' என்று வைத்துப் போடும் சாயம் போகும் துணி, சிந்தெடிக் சேலை எல்லாம் வெந்நீரில்தான் துவையும். சூடாக்க மெஷினுக்குத் தெரியும், ஆற வைக்கத் தெரியாது. கோடையில் கண்ணாடிக் குழாய் சோலாரில் தண்ணீர் 80 டிகிரி தாண்டுவது சாதாரணம். மெஷினோடு வரும் சாதா ஹோஸும் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் அந்தச் சூட்டுக்கு ஆனவை அல்ல. சில மாடல்களின் மேனுவலில் உள்ளே வரும் தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றே போட்டிருக்கும். சாம்சங் மெஷினில் `4C2` என்று வந்தால் பச்சைத் தண்ணீர் வாயில் வெந்நீர் வருகிறது என்று பொருள். அது பழுது இல்லை, மெஷின் சொல்லும் புகார்.

இனி வேலையில் செய்த தவறு. இதுதான் வெந்நீரையே காணாமல் அடித்தது.

ஒரே வாய்க்கு இரண்டு லைனும் வேண்டும் என்பதற்காக, மெஷினுக்கு முன்னால் மூன்று வாய் உள்ள ஒரு டீ ஜாயின்ட் போட்டு, ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் சோலார், இரண்டிலும் ஒரு பால் வால்வு. "ரெண்டையும் பாதி பாதி திறந்து வைங்க, மிக்ஸ் ஆகி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மெஷின் தண்ணீர் எடுக்காத நேரத்திலும் அந்த டீ இரண்டு லைனையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் பிரஷர் பம்ப் வழியாக 2 பார் அழுத்தத்தில் வருகிறது. சோலார் லைனோ ஓவர்ஹெட் டேங்கின் உயரத்தை மட்டும் நம்பி இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். இரண்டு மாடிக்குக் கீழே அது 0.7 பார் இருந்தால் பெரிது. வலுத்த பக்கம் இளைத்த பக்கத்தைத் தள்ளும். பம்பின் பச்சைத் தண்ணீர் டீ வழியாக வெந்நீர்க் குழாயில் ஏறி, சோலார் டேங்குக்குள் போய், அங்கிருந்த வெந்நீரை எதிர்ப்பக்கமாக ஓவர்ஹெட் டேங்குக்குள் தள்ளியது. அதனால்தான் கிச்சன் குழாயில் இளஞ்சூடு, அதனால்தான் பம்ப் தானாக ஓடியது. சோலாருக்கு முன், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்திருந்தால் வெந்நீர் வென்ட் பைப் வழியாக மொட்டை மாடியில் கொட்டியிருக்கும். இரண்டில் எது நடந்தாலும் சூடு போனது போனதுதான்.

உங்கள் வீட்டில் இப்படி இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். சோலார் டேங்கிலிருந்து வெந்நீர் வெளியே வரும் குழாயின் வால்வை மூடுங்கள். பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வேகமாக வந்துகொண்டே இருந்தால் எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. அடுத்து மெஷின் டீயில் ஏதாவது ஒரு பால் வால்வை முழுசாக மூடுங்கள். உடனே நின்றால் குற்றவாளி அந்த டீதான். நிற்கவில்லை என்றால் பாத்ரூம் மிக்சரைப் பாருங்கள். ஹெல்த் ஃபாசெட்டையோ கை ஷவரையோ முனையில் மட்டும் மூடி, மிக்சரைத் திறந்தே விடும் வீடுகளிலும் இதே கதைதான்.

பம்ப் இல்லாத வீட்டில் இந்தத் தள்ளல் பெரிதாக இருக்காது, ஆனால் வேறு சிக்கல் வரும். மெஷின் மேல்மாடியில், டேங்க் அதற்கு மூன்றரை மீட்டர் மேலே என்றால் சோலார் லைனில் அழுத்தம் 0.35 பார்தான். அரை பார், ஒரு பார் கேட்கும் மெஷின்கள் நிறைய. தண்ணீர் நூலாக வரும், நேரம் கடந்ததும் எல்ஜி மெஷினில் `IE` என்ற எரர் வரும். உப்புத் தண்ணீர் ஊரில் வெந்நீர்ப் பக்கம் சுண்ணாம்புச் செதில் உரிந்து இன்லெட் வலையை அடைக்கும், அதுவும் இதே எரரைத்தான் காட்டும். சர்வீஸ் ஆள் வந்து போர்டை மாற்றச் சொல்வதற்கு முன் ஹோஸைக் கழற்றி அந்த வலையைப் பாருங்கள்.

அப்படியானால் வெந்நீர் லைன் எங்கேயும் பயன்படாதா? ஒரு இடத்தில் பயன்படும்: பின்பக்கம் சிவப்பு, நீலம் என்று இரண்டு வாய் உள்ள, தனக்கென ஹீட்டர் இல்லாத டாப் லோடு. அதில் வெந்நீருக்குத் தனி சொலினாய்டு இருக்கிறது. வார்ம் என்று வைத்தால் இரண்டையும் திறக்கும், அலசும்போது பச்சைத் தண்ணீரை மட்டும் திறக்கும். இரண்டு லைனும் மெஷினுக்கு வெளியே எங்கும் சேர்வதில்லை, அதனால் எதிர்த்தள்ளல் இல்லை. டாப் லோடு துவைக்க மட்டுமே ஒரு தடவைக்கு 50 லிட்டர் வாங்கும் என்பதால் 100 லிட்டர் சோலாருக்கு இது கட்டாது. 200 லிட்டர் இருந்து, எல்லோரும் குளித்த பின் மதியம் இரண்டு மூன்று மணிக்குத் துவைத்தால் மிஞ்சிய சூடு துணிக்குப் போகும், எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகவே விடும்.

அதற்கும் குழாய் சிபிவிசியாக இருக்க வேண்டும். வெள்ளை யுபிவிசியில் வெந்நீர் இழுத்தால் கோடையில் குழாய் தொய்ந்து ஜாயின்ட் விடும். ஹோஸ் வெந்நீருக்கு என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். சோலார் தண்ணீர் 60 டிகிரி தாண்டும் வீட்டில் மெஷினுக்கு முன், இரண்டு தண்ணீரையும் கலந்து சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு ஒன்று, அதற்குள் வரும் இரண்டு லைனிலும் நான்-ரிட்டர்ன் வால்வு. அந்த மிக்சிங் வால்வு சரியாக வேலை செய்ய இரண்டு லைனின் அழுத்தமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பம்ப் லைனையும் புவியீர்ப்பு லைனையும் அதில் சேர்த்தால் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

கோவை வீட்டில் கடைசியில் செய்தது எளிது. டீயைக் கழற்றி வெந்நீர்ப் பக்கத்துக்கு எண்ட் கேப் அடித்து, மெஷினைப் பழையபடி பச்சைத் தண்ணீரில் மாட்டினார்கள். பிளம்பருக்கு 400 ரூபாய். மறுநாள் காலை ஷவரில் வெந்நீர் வந்தது. 6,500 ரூபாய்க்குப் பில் கேட்டபோது, அதில் 'பிளம்பிங் வேலை' என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். யாராவது உங்களுக்கும் இந்த லைனைச் சொன்னால், எத்தனை வாய் உள்ள மெஷின், எந்தக் குழாய், நான்-ரிட்டர்ன் வால்வு எத்தனை என்று மூன்றையும் எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.